ஸ்டாலுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்

கேள்வி: ஓசூர் சிப்காட் பக்கத்தில் சின்ன மெஷினிங் ஷாப் நடத்துகிறேன். நான்கு சிஎன்சி லேத், இரண்டு விஎம்சி, பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். ஆர்டரில் முக்கால்வாசி ஒரே கம்பெனியிடமிருந்து வருகிறது. இருசக்கர வாகன இன்ஜினுக்கான ஷாஃப்ட், புஷ் வகைகள். எலக்ட்ரிக் வண்டி வந்துகொண்டிருப்பதால் பயமாக இருக்கிறது. வேறு கஸ்டமர் பிடிக்க நான்கு லட்சம் ஒதுக்கியிருக்கிறேன். ஜனவரியில் பெங்களூரு ஐஎம்டெக்ஸ், பிப்ரவரியில் ஏரோ இந்தியா, அப்புறம் டெல்லியில் நடக்கும் ஆட்டோ உதிரிபாகக் கண்காட்சி என மூன்றையும் யோசிக்கிறேன். ஒன்பது சதுர மீட்டர் ஸ்டாலுக்கு ஜிஎஸ்டியோடு ஒன்றே முக்கால் லட்சம் சொல்கிறார்கள், இந்த வாரம் கட்டினால் தள்ளுபடியாம். ஒரு லட்சம் பேர் வருகிற இடத்தில் ஸ்டால் போட்டால் பர்ச்சேஸ் ஆட்கள் தானாக வருவார்கள் என்று நண்பர் சொல்கிறார். பார்வையாளர் பட்டியலை இருபத்தைந்தாயிரத்துக்குத் தருவதாக ஒரு மெயிலும் வந்திருக்கிறது. ஷாப்பின் பதிவு என் மனைவி பெயரில் இருக்கிறது, கணக்கு வழக்கை அவர்தான் பார்க்கிறார். எதில் பணம் போடுவது?
– ஓசூர் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இந்த வாரம் யாருக்கும் பணம் கட்டாதீர்கள். தள்ளுபடி போனால் சில ஆயிரம் போகும். தவறான அரங்கில் ஸ்டால் போட்டால் நீங்கள் ஒதுக்கிய தொகையில் பெரும்பகுதி போய்விடும். நான் பல வருடம் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் இருந்தவன். உங்களைப் போன்ற ஷாப்களைத் தேடிப்பிடிப்பதுதான் என் வேலை. எனவே வாங்குகிறவரின் பக்கத்திலிருந்தே இதைச் சொல்கிறேன்.

உங்கள் நண்பர் சொல்வதில் ஒரு பிழை இருக்கிறது. ஒரு லட்சம் பேர் வருகிறார்கள் என்பது உண்மையாகவே இருக்கலாம். அவர்கள் எந்த வேலையாக வருகிறார்கள் என்பதுதான் உங்களுக்குத் தேவையான தகவல். ஐஎம்டெக்ஸ் என்பது இயந்திரக் கருவி உற்பத்தியாளர் சங்கமான ஐஎம்டிஎம்ஏ நடத்துவது. ஒற்றைப்படை வருடங்களில் வெட்டும் இயந்திரங்கள், இரட்டைப்படை வருடங்களில் ஃபார்மிங் இயந்திரங்கள் என்று மாறிமாறி நடக்கிறது. அங்கே லேத், விஎம்சி, டூல், கேஜ் ஆகியவற்றை விற்பவர்கள் ஸ்டால் போடுகிறார்கள். நடைபாதையில் நடப்பவர்கள் அவற்றை வாங்க வந்தவர்கள். பெரிய வாகனக் கம்பெனியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள், ஆனால் வருகிறவர் உற்பத்திப் பொறியாளராகவோ, இயந்திரக் கொள்முதல் பார்ப்பவராகவோ இருப்பார். ஷாஃப்ட்டுக்கு வெண்டார் தேடுகிறவர் அலுவலகத்திலேயே இருப்பார். அந்த நடைபாதை ஓரத்தில் உங்கள் புஷ்ஷை மேஜையில் அடுக்கி வைத்தால், நின்று பார்க்கிற பத்து பேரில் எட்டு பேர் உங்களைப் போலவே மெஷினிங் ஷாப் நடத்துகிறவர்களாக இருப்பார்கள். மீதி இரண்டு பேர் கல்லூரி மாணவர்களாக இருப்பார்கள்.

இதை வைத்து ஐஎம்டெக்ஸ் வேண்டாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். உங்கள் மூன்றில் உங்களுக்கு அதிகம் பயன்படக்கூடியது அதுதான். ஸ்டால் போட வேண்டாம், பார்வையாளராகப் போங்கள். உங்களுக்கான வாடிக்கையாளர்கள் அங்கே ஸ்டாலுக்குள்தான் நிற்கிறார்கள். லேத் தயாரிக்கிற கம்பெனி ஸ்பிண்டில் ஹவுசிங்கை, டரட் பாகங்களை, பால் ஸ்க்ரூ சப்போர்ட்டை யாரிடமோ செய்து வாங்குகிறது. சக், ஃபிக்சர், ஹைட்ராலிக் மேனிஃபோல்ட் செய்கிறவர்களும் அப்படித்தான். இவர்களில் பலர் பெங்களூரு பீன்யாவிலும் தும்கூரு சாலையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு முறைக்கு இருபதோ ஐம்பதோ பாகம் போதும், ஆனால் அளவு பத்து மைக்ரானுக்குள் நிற்க வேண்டும். லட்சக்கணக்கில் ஒரே ஷாஃப்ட்டை ஓட்டிப் பழகிய உங்களுக்கு செட்டிங் நேரம் ஒரு பிரச்சினையாக வரும், விலை போடும்போது அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பாகங்களுக்கு எலக்ட்ரிக் வண்டியால் ஆபத்து இல்லை.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெல்லி உதிரிபாகக் கண்காட்சியில் உங்கள் கஸ்டமரைப் போன்ற பெரிய பாகத் தயாரிப்பாளர்கள் ஸ்டால் போடுவார்கள், வாகனக் கம்பெனிகள் பார்க்க வரும். உங்களுக்கு அங்கே ஸ்டாலில் நின்று சாதிக்க ஒன்றுமில்லை. ஓசூரிலிருந்து டெல்லிவரை போகிற செலவுக்கு, அதே கம்பெனிகளின் ஓசூர், பெங்களூரு, ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளின் வாசலுக்கே போய்விடலாம். இந்த வருடம் விட்டுவிடுங்கள்.

ஏரோ இந்தியாவைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் நம்பிக்கையைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. எலஹங்கா விமானப்படைத் தளத்தில் நடக்கும் அந்தக் கண்காட்சியில் பெரிய பெயர்கள் எல்லாம் இருப்பார்கள். விமானத்தில் பொருத்தப்படும் பாகத்தை உங்களிடம் கொடுக்க வேண்டுமானால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி விமானத் துறைக்கான தரச்சான்றான ஏஎஸ் 9100 இருக்கிறதா என்பதுதான். அது இல்லாத ஷாப்போடு பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் ஜிக், ஃபிக்சர், பாகங்களைத் தூக்கி வைக்கும் ஸ்டாண்டு, தரைப்பணிக் கருவிகள் போன்றவற்றுக்குப் பல இடங்களில் ஐஎஸ்ஓ 9001 போதும். அந்த வாசலைத் தட்டுவதாக இருந்தால் வணிகப் பார்வையாளருக்கான நாட்களில் ஒரே ஒரு நாள் போங்கள். கடைசி இரண்டு நாட்கள் பொதுமக்களுக்கானவை, கூட்டத்தில் யாரோடும் பேச முடியாது. தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் ஓசூரும் ஒரு முனை. அதனால் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ மாநில அரங்கு அமைக்கும்போது சிறு அலகுகளுக்கு இடம் உண்டா என்று கேட்டுவையுங்கள். சான்று வாங்கிய பிறகு அது பயன்படும்.

கண்காட்சியைச் சோதிக்கும் முறை

எந்தக் கண்காட்சிக்காரர் உங்களை அழைத்தாலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். முந்தைய இரண்டு தடவைகளின் ஸ்டால் பட்டியலைக் கேளுங்கள். பெரும்பாலும் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கும். உங்கள் அளவில் உள்ள, உங்கள் மாதிரி பாகம் செய்துதரும் ஷாப்கள் எத்தனை என்று முதல் பட்டியலில் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களில் எத்தனை பேர் அடுத்த தடவையும் வந்திருக்கிறார்கள் என்று இரண்டாவது பட்டியலில் பாருங்கள். சொந்தப் பணத்தைக் கட்டி ஒரு முறை ஏமாந்தவர் இரண்டாம் முறை வரமாட்டார். பன்னிரண்டு ஷாப்களில் ஏழெட்டு பேர் திரும்பி வந்திருந்தால் அங்கே ஏதோ வியாபாரம் நடக்கிறது. ஒருவர் மட்டும் வந்திருந்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அப்புறம் திரும்பி வந்தவரில் இரண்டு பேருக்கும், வராதவரில் இரண்டு பேருக்கும் போன் போடுங்கள். நம் தொழிலில் இப்படிக் கேட்டால் யாரும் கோபப்படுவதில்லை. வெறுமனே "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நன்றாக இருந்தது" என்றுதான் சொல்வார்கள். "எத்தனை டிராயிங் வந்தது? அதில் எத்தனைக்கு சாம்பிள் போட்டீர்கள்? முதல் ஆர்டர் வர எத்தனை மாதம் ஆனது?" என்று கேளுங்கள். இந்த மூன்று பதிலும் கண்காட்சியின் விளம்பரப் புத்தகத்தில் இருக்காது.

பார்வையாளர் எண்ணிக்கையைப் பற்றியும் கேளுங்கள். வந்தவர்களில் கொள்முதல், வெண்டார் மேம்பாடு ஆகிய பதவியில் இருந்தவர்கள் எத்தனை சதவீதம் என்று பதிவு விவரத்திலிருந்து பிரித்துத் தர முடியும். நல்ல அமைப்பாளர் தருவார். வெளியிலிருந்து தணிக்கை செய்த எண்ணிக்கையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், தணிக்கை இல்லாத எண்ணிக்கையில் ஒரே ஆள் மூன்று நாள் வந்தால் மூன்று பேராகக் கணக்காகியிருக்கலாம்.

நான்கு லட்சம் எங்கே போகும்

ஸ்டால் வாடகை ஒன்றே முக்கால் லட்சம் என்பதால் இரண்டு கண்காட்சி பார்த்துவிடலாம் என்று நீங்கள் கணக்குப் போட்டிருப்பீர்கள். வாடகை மொத்தச் செலவில் ஏறக்குறைய பாதிதான். உங்கள் விஷயத்தில் தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். மேஜை, விளக்கு, கூடுதல் மின்சாரம், பின்னணிப் பலகை எல்லாம் சேர்ந்து ஐம்பது அறுபதாயிரம். சாம்பிள்களுக்கான கண்ணாடிப் பெட்டி, அச்சு வேலை முப்பதாயிரம். இரண்டு பேர் ஒரு வாரம் பெங்களூருவில் தங்கி, சாப்பிட்டு, போய்வர எழுபதாயிரமாவது ஆகும். வாடகையோடு சேர்த்தால் சுமார் மூன்று லட்சத்து முப்பதாயிரம் ஆகிவிட்டது. இதோடு நீங்களும் உங்கள் சூப்பர்வைசரும் ஒரு வாரம் ஷாப்பில் இல்லாததால் விழுகிற உற்பத்தி இந்தக் கணக்கில் வரவே இல்லை. ஆக நான்கு லட்சத்துக்கு ஒரே ஒரு ஸ்டால்தான், அதுவும் தவறான நடைபாதையில்.

பார்வையாளராகப் போவதற்கு ஆகும் செலவைப் பாருங்கள். ஐஎம்டெக்ஸ் நடக்கும் பிஐஇசி மைதானம் தும்கூரு சாலையில், நமக்கு ஊரின் அந்தப் பக்கக் கடைசியில் இருக்கிறது. காரில் போனால் பாதி நாள் டிராஃபிக்கில் போய்விடும். இப்போது பொம்மசந்திராவில் மஞ்சள் தட மெட்ரோ ஏறி, ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறி, மாதவரா நிலையம் வரை போகலாம். மைதானம் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. காலையில் ஓசூரில் கிளம்பி மாலையில் திரும்பிவிடலாம், ஓட்டல் அறை தேவையில்லை. இரண்டு பேர் மூன்று நாள் போய்வந்தாலும் நுழைவுக் கட்டணம், சாப்பாடு உட்பட பத்து பன்னிரண்டாயிரத்துக்குள் அடங்கும். ஏரோ இந்தியா ஒரு நாளுக்கு அனுமதிச் சீட்டும் போக்குவரத்தும் சேர்ந்து இன்னொரு பத்தாயிரம் என்று வையுங்கள்.

மிச்சத்தில் ஒரு லட்சத்தை சாம்பிளுக்கும் அளவு அறிக்கைக்கும் ஒதுக்குங்கள். அடுத்த வருடம் ஒரு ஸ்டாலுக்கு மீதியை வையுங்கள். அந்த ஸ்டால் பாகம் வாங்குகிறவர்களுக்காகவே நடத்தப்படும் இடத்தில் இருக்க வேண்டும். இஇபிசி இந்தியா நடத்தும் ஐஇஎஸ்எஸ் என்ற பொறியியல் கொள்முதல் கண்காட்சி அப்படிப்பட்டது, சென்னையில் பலமுறை நடந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர்களை அழைத்துவந்து உட்கார வைப்பார்கள். சென்னையில் அம்பத்தூர் தொழிற்பேட்டை சங்கம் நடத்தும் ஆக்மி, கோவையில் கொடிசியாவின் இன்டெக் இரண்டும் இயந்திரக் கண்காட்சிகள்தான் என்றாலும், பாகம் செய்துதரும் சிறு ஷாப்களும் கணிசமாக ஸ்டால் போடுகிறார்கள். மேலே சொன்ன இரண்டு பட்டியல் சோதனையை இந்த மூன்றுக்கும் செய்துபாருங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னால், மத்திய அரசின் எம்எஸ்எம்இ வளர்ச்சி அலுவலகம் நடத்தும் வெண்டார் மேம்பாட்டு நிகழ்ச்சிகளில் ஒரு மேஜை வாங்குங்கள். சின்ன அரங்கு, கூட்டமும் குறைவு. ஆனால் பொதுத்துறை நிறுவனங்களின் கொள்முதல் ஆட்கள் தாங்கள் வாங்கும் பாகங்களையே எடுத்துவந்து மேஜையில் வைத்திருப்பார்கள். "இதை உங்களால் செய்ய முடியுமா?" என்ற கேள்வி அவர்களிடமிருந்து வரும். எப்போது, எங்கே நடக்கிறது என்று ஓசூர் சிறுதொழில் சங்கமான ஹோஸ்டியாவின் அலுவலகத்திலும் கிருஷ்ணகிரி மாவட்டத் தொழில் மையத்திலும் சொல்வார்கள்.

யாரைச் சந்திப்பது என்ற பட்டியல்

இருபத்தைந்தாயிரத்துக்கு பட்டியல் தருகிற மெயிலை அழித்துவிடுங்கள். உலகம் முழுவதும் ஒவ்வொரு கண்காட்சிக்கும் இப்படி மெயில் வருகிறது. அனுப்புகிறவருக்கும் அமைப்பாளருக்கும் பெரும்பாலும் எந்தத் தொடர்பும் இருக்காது. பழைய முகவரிகளையோ குத்துமதிப்பான பெயர்களையோ தருவார்கள், அல்லது எதுவும் தரமாட்டார்கள். சந்தேகம் இருந்தால் கண்காட்சியின் அலுவலக எண்ணுக்கே போன் செய்து கேளுங்கள். பிற்பாடு நீங்கள் ஸ்டால் போடும்போது இன்னொன்று வரும். "உங்கள் விவரம் சரியா என்று பார்த்துக் கையெழுத்திட்டு அனுப்புங்கள், கண்காட்சி வழிகாட்டியில் இலவசமாகப் போடுகிறோம்" என்று ஒரு படிவம். அடியில் பொடி எழுத்தில் மூன்று வருடத்துக்கு வருடா வருடம் யூரோவில் கட்டணம் என்று இருக்கும். உங்கள் மனைவியிடம் இப்போதே சொல்லிவையுங்கள், அப்படி எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

உங்களுக்குத் தேவையான பட்டியலை நீங்களே தயாரிக்கலாம், இரண்டு மூன்று மாலைப்பொழுது போதும். முதலில் உங்கள் ஷாப்பை நான்கு வரியில் எழுதுங்கள். எந்த விட்டத்திலிருந்து எந்த விட்டம் வரை திருப்ப முடியும், எந்தெந்த உலோகம் ஓட்டியிருக்கிறீர்கள், தொடர்ந்து எத்தனை மைக்ரானுக்குள் நிற்கிறது, குறைந்தபட்சம் எத்தனை பாகம் இருந்தால் எடுத்துக்கொள்வீர்கள். "எல்லாம் செய்வோம்" என்று எழுதுகிற ஷாப்பைக் கொள்முதல் மேஜையில் நாங்கள் ஓரமாக வைத்துவிடுவோம். எதை அனுப்புவது என்று எங்களுக்குத் தெரியாது.

அடுத்து ஐஎம்டெக்ஸ் ஸ்டால் பட்டியலை எடுத்து, ஓசூரிலிருந்து ஒரே நாளில் வண்டியில் பாகம் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடிய கம்பெனிகளை மட்டும் குறியுங்கள். அறுபது எழுபது பெயர் வரும். ஒவ்வொன்றின் இணையதளத்திலும் அவர்கள் செய்யும் பொருளைப் பார்த்து, "இதில் எந்தப் பாகத்தை என் லேத்தில் எடுக்க முடியும்?" என்று கேட்டு ஒரு பாகத்தின் பெயரை எழுதுங்கள். பெயர் எழுத முடியாத கம்பெனியை அடித்துவிடுங்கள். இருபத்தைந்து மிஞ்சினால் போதும்.

இந்த இருபத்தைந்துக்கும் இரண்டு பெயர் வேண்டும். வெண்டார் மேம்பாடு பார்ப்பவர் ஒருவர், தரப்பிரிவில் ஒருவர். டிராயிங் கொடுப்பது முதலாமவர். உங்கள் சாம்பிளை ஏற்பதும் தள்ளுவதும் இரண்டாமவர், அவரை யாரும் தேடிப்போவதில்லை என்பதால் நன்றாகப் பேசுவார். லிங்க்ட்இன்னில் பாதிப் பெயர் கிடைக்கும். மீதிக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. உங்களுக்கு லேத் விற்ற கம்பெனியின் ஏரியா சேல்ஸ் மேனேஜரைக் கேளுங்கள். எந்தக் கம்பெனியில் லோடு தாங்காமல் வெளியே வேலை கொடுக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும், ஏனென்றால் அங்கேயும் மெஷின் விற்க முயன்றுகொண்டிருப்பார். நீங்கள் வளர்ந்தால் அடுத்த மெஷின் அவரிடம்தான் வாங்குவீர்கள் என்பதால் மனப்பூர்வமாக உதவுவார். உங்கள் பட்டியலில் முதல் பெயராக அவரையே எழுதுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள், ஸ்டாலில் நிற்பவர்கள் விற்பனைப் பிரிவினர். அவர்கள் காசு கட்டி வாங்கிய இடத்தில், அவர்கள் கஸ்டமர் நிற்கும்போது உங்கள் சாம்பிளை நீட்டுவது முறையல்ல. பார்வையாளராக வந்து நடைபாதையில் நோட்டீஸ் கொடுத்து ஆர்டர் பிடிப்பதைப் பல கண்காட்சிகளின் விதிகளே தடுக்கின்றன, வெளியேற்றவும் செய்வார்கள். ஆயிரம் பிரவுச்சர் அடிக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். மூன்று வாரம் முன்பே வெண்டார் மேம்பாட்டு ஆளுக்கு மெயில் போட்டு, அவர் கண்காட்சிக்கு எந்த நாள் வருகிறார் என்று கேளுங்கள். தங்கள் கம்பெனி ஸ்டால் போட்டிருந்தால் ஒரு நாளாவது வருவார்கள். மெயில் இப்படி இருக்கட்டும்:

"வணக்கம். ஓசூரில் நான்கு சிஎன்சி லேத், இரண்டு விஎம்சி வைத்து இருசக்கர வாகன ஷாஃப்ட், புஷ் செய்து தருகிறோம். உங்கள் டரட்டில் வரும் இன்ன பாகத்தைப் போன்ற ஒன்றை பத்து மைக்ரானுக்குள் எடுத்து, அளவு அறிக்கையோடு வைத்திருக்கிறோம். ஐஎம்டெக்ஸுக்கு நீங்கள் வரும் நாளில் பதினைந்து நிமிடம் கிடைக்குமா? வராவிட்டால் பிப்ரவரியில் உங்கள் ஆலைக்கே வருகிறேன்."

இருபத்தைந்து மெயிலில் ஏழெட்டு பதில் வந்தாலே நல்ல விளைச்சல். பதில் வராதவர்களுக்கு ஒரு வாரம் கழித்து போன் செய்யுங்கள். நேரம் கொடுத்தவர்களை மைதானத்தின் அரங்க வரைபடத்தில் குறித்து, ஒரே அரங்கில் இருப்பவர்களை ஒரே நாளில் வையுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து சந்திப்புக்கு மேல் வேண்டாம். திறப்பு விழா நாளையும் சனி, ஞாயிறையும் தவிருங்கள்.

கையில் பாகம் இரண்டு அல்லது மூன்று போதும். ஒவ்வொன்றோடும் சிஎம்எம் என்ற அளவெடுக்கும் இயந்திரத்தின் அறிக்கை இருக்க வேண்டும். கஸ்டமரின் டிராயிங்கில் செய்த பாகத்தை அவர் அனுமதி இல்லாமல் வெளியே காட்டாதீர்கள். உங்களிடம் ரகசியக் காப்பு ஒப்பந்தம் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், எதிரே இருப்பவர் "நாளைக்கு என் டிராயிங்கையும் இப்படித்தான் காட்டுவார்" என்று நினைப்பார். சொந்தமாக ஒரு பாகம் வடிவமைத்து ஓட்டிக்கொள்ளுங்கள். முக்கால்வாசி ஆர்டர் தரும் கஸ்டமர் காதுக்கு இந்த விஷயம் போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது. ஒரே ஆளை நம்பியிருக்கும் வெண்டாரைப் பார்த்து அவர்களுக்கும் கவலை உண்டு.

திரும்பி வந்த அன்றிரவே ஒவ்வொருவரிடமும் என்ன பேசினோம், என்ன அனுப்புவதாகச் சொன்னோம் என்று எழுதிவிடுங்கள். மூன்று நாளுக்குள் அனுப்புங்கள். வாங்கிவந்த கார்டுகளை எண்ண வேண்டாம். இரண்டு மாதத்தில் எத்தனை டிராயிங் விலை கேட்டு வந்தது என்று எண்ணுங்கள். இந்தத் தடவை நான்கு டிராயிங் வந்து, அதில் ஒன்று சாம்பிள் வரை போனாலே நான் திருப்தியாக இருப்பேன். சாம்பிளிலிருந்து முறையான ஆர்டர் வர ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம் ஆகும். இன்ஜின் பாகம் குறைவதற்குள் புதிய வேலை வேண்டுமானால் இப்போதே ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

மனைவி பெயரில் உள்ள பதிவு

கடிதத்தில் கடைசி வரியாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அது உங்களுக்கு உள்ள நல்ல பலம். 2012ஆம் ஆண்டின் பொதுக் கொள்முதல் கொள்கைப்படி, மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் தங்கள் வருடாந்திரக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் 3 சதவீதம் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு. இது நிறுவனத்தின் மொத்தக் கொள்முதலுக்கான இலக்கு, "எனக்கு ஆர்டர் கொடு" என்று நீங்கள் உரிமையாகக் கேட்கக்கூடியது அல்ல. ஆனாலும் அந்த 3 சதவீதத்தை எட்ட ஆள் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ், பாரத் எலக்ட்ரானிக்ஸ் போன்றவை பெங்களூருவிலேயே இருக்கின்றன. இப்படிப்பட்ட நிறுவனங்கள் வருடாந்திரக் கொள்முதல் திட்டத்தைத் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பதும் அதே கொள்கைதான். காசு கொடுக்காமல் கிடைக்கும் பட்டியல் அது, முதலில் அதைத் திறந்து பாருங்கள்.

கண்காட்சி ஸ்டால் வாடகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் மத்திய அரசுத் திட்டமும் உண்டு, கொள்முதல் மற்றும் சந்தைப்படுத்தல் ஆதரவுத் திட்டம் என்று பெயர். பெண்கள் நிறுவனத்துக்கு அதில் கூடுதல் பங்கு. எல்லாக் கண்காட்சிக்கும் கிடைக்காது. அதனால் அடுத்த வருட ஸ்டாலுக்கு முன்பணம் கட்டும் முன்பே, அந்தக் கண்காட்சி தகுதி பெறுகிறதா, எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள். கட்டிய பிறகு கேட்டால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அமைப்பாளரின் ஒப்பந்தத்தில் ரத்து செய்தால் பணம் திரும்ப வருமா என்ற பகுதியையும் அப்போதே படியுங்கள். பெரும்பாலும் வராது.

பதிவு தனி உரிமையாளர் பெயரில் இருந்தால் உரிமையாளர் உங்கள் மனைவி. கூட்டு நிறுவனமாக மாற்றும் எண்ணம் வந்தால் பெண்களின் பங்கு 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, குறைந்தால் இந்தச் சலுகை போய்விடும். பேருக்கு மட்டும் அவரை வைத்திருப்பதாகத் தோன்றினால் கொள்முதல் அதிகாரி பின்வாங்குவார். உங்கள் வீட்டில் அப்படி இல்லை, கணக்கு வழக்கு அவர் கையில்தான் இருக்கிறது. ஆகவே பொதுத்துறை அதிகாரிகளைச் சந்திக்கப் போகும்போது அவர் பேசட்டும், மெஷின் பற்றிய கேள்வி வரும்போது நீங்கள் பதில் சொல்லுங்கள். மெயிலும் அவர் பெயரிலேயே போகட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உட்கார்ந்து ஷாப்பைப் பற்றிய அந்த நான்கு வரியை எழுதி எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.